வெள்ளை ஷூ துவைத்ததும் மஞ்சளாவது ஏன்? கேன்வாஸ், ஸ்னீக்கர் சலவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளை கேன்வாஸ் ஷூவை நல்லா துவைச்சு வெயில்ல காயவெச்சேன். அழுக்கு போயிடுச்சு, ஆனா ஓரமெல்லாம் மஞ்சளா கோடு விழுந்துடுச்சு. ஏன்?

பெரும்பாலும் அது அழுக்கு இல்லை, துணிக்குள் தங்கிப்போன சோப்பு. ஈரத்துணி காயும்போது நீர் நின்ற இடத்திலிருந்தே ஆவியாகிவிடுவதில்லை. எந்த இடம் முதலில் உலர்கிறதோ அந்த இடத்தை நோக்கி, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உள்ளிருந்து ஊறி வருகிறது. வரும்போது கரைந்திருக்கும் சோப்பையும், நுண்ணிய தூசியையும், பருத்தியிலும் உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையிலும் உள்ள இயற்கையான பழுப்பு நிறத்தையும் இழுத்து வருகிறது. மேற்பரப்புக்கு வந்ததும் நீர் போய்விடும், மற்றவை அங்கேயே நின்றுவிடும்.

கோடு விழும் இடங்களைப் பாருங்கள். ரப்பர் பட்டைக்குச் சற்று மேலே, தையல் ஓரங்களில், லேஸ் துளைகளைச் சுற்றி. துணி இரண்டு மூன்று அடுக்காக இருப்பது அங்கேதான், அதிக நீர் தேங்குவதும் அலசல் சரியாகப் போய்ச் சேராததும் அங்கேதான். சலவைத்தூளும் சோப்பும் காரத்தன்மை உள்ளவை. காரம் மிச்சமிருந்தால் பருத்தியில் மஞ்சள் இன்னும் தெளிவாக எழும். வெயில் இதில் இரண்டு வேலை செய்கிறது. மேற்பரப்பை மட்டும் வேகமாக உலர்த்தி உள்ளிருப்பதையெல்லாம் அங்கே இழுத்து வருகிறது. வந்து சேர்ந்த கறையைச் சூட்டாலும் ஒளியாலும் நாரில் இறுக்கிவிடுகிறது.

அந்த மஞ்சளை எடுக்க முடியுமா?

எது மஞ்சள் என்று முதலில் தெரிய வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, கறைமேல் வைத்து ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். துணியில் மஞ்சள் ஒட்டி வந்தால் அது சோப்பு மிச்சம், போய்விடும். ஒன்றுமே வராவிட்டால் கறை இறுகிப்போயிருக்கலாம், அல்லது நாரோ அடியிலுள்ள பசையோ நிறம் மாறியிருக்கலாம். முதலாவதற்கு இன்னும் வழி இருக்கிறது, கடைசி இரண்டுக்கும் இல்லை. உலோக வளையத்தைச் சுற்றி மட்டும் செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது துரு.

ரப்பர் பட்டைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் மஞ்சள் பட்டை விழுந்த ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். லேஸையும் இன்சோலையும் கழற்றிவிட்டு, வெறும் நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் மேல்துணி முழுவதையும் ஒரே சீராக ஈரமாக்குங்கள். கறையை மட்டும் நனைத்தால் அந்த ஈரத்தின் எல்லையில் புதிதாக ஒரு வளையம் விழும். அதனால் வேலை எப்போதும் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதிக்கும் நடக்க வேண்டும்.

பிறகு ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து (வினிகர் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போதும்) அதே ஸ்பாஞ்சால் ஒற்றி, பத்து நிமிடம் விடுங்கள். மிச்சமிருக்கும் காரத்தை இது சமன் செய்யும். இளம் துருவையும் கொஞ்சம் கரைக்கும். அடுத்து வரும் அலசல்தான் உண்மையான வைத்தியம். சுத்தமான நீரில் ஸ்பாஞ்சை நனைத்து ஒற்றி, வெள்ளை டவலால் அழுத்தி உறிஞ்சுங்கள். மூன்று நான்கு முறை செய்யுங்கள். போதுமா என்று தெரிய, கடைசியாகப் பிழிந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, கையால் மூடிக் குலுக்குங்கள். நுரை நின்றால் சோப்பு இன்னும் இருக்கிறது.

அலசி முடித்து, ஈரமாக இருக்கும்போதே அச்சு, நிறம் எதுவும் இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரை இரண்டு அடுக்காக மேல்துணிமேல் ஒட்டுங்கள். ஈரத்தில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். விரலால் நீவி, காற்றுக்குமிழி இல்லாமல் துணியோடு படியவிடுங்கள். இப்போது நீர் ஆவியாகும் மேற்பரப்பு துணி இல்லை, பேப்பர். கறை பேப்பருக்குப் போகும். நிழலில், காற்றோட்டத்தில் முழுக்க உலர்ந்த பிறகு உரித்தால் பேப்பரின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் கோடு தெரியும். பேப்பர் எழும்பி நின்ற இடத்தில் மட்டும் ஷூவில் ஒரு திட்டு இருக்கும், அதைப் பார்த்தாலே இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். பாதி ஈரத்தில் உரித்தால் மீதி ஈரம் துணியிலேயே காய்ந்து கறை திரும்பிவரும்.

இரண்டு முறை செய்தும் நிற்கும் மஞ்சளுக்கு ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள். 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தடவி, உலரவிடாமல் இருபது நிமிடம் வைத்து, நன்றாக அலசிய பிறகு மேலே சொன்ன வினிகர் நீரும் டிஷ்யூவும். இந்தத் தூளும் காரம்தான், அலசாமல் விட்டால் அதுவே அடுத்த மஞ்சளாகும். வண்ணத் தையலோ வண்ணப் பட்டையோ இருந்தால் முதலில் லேஸுக்கு அடியிலிருக்கும் ஷூ நாக்கின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதற்கும் அசையாத மஞ்சளை விட்டுவிடுவதுதான் நல்லது. மேலும் தேய்த்தால் துணிதான் நைந்துபோகும்.

அப்போ முதல்லேர்ந்தே எப்படித் துவைக்கணும்?

ஊறவைக்காமல். மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

காய்ந்த நிலையிலேயே ஷூக்களின் அடிப்பாகத்தை ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிருங்கள். சேறு ஈரமாக இருந்தால் காயும்வரை விடுங்கள், ஈரச்சேற்றைத் தேய்த்தால் துணிக்குள்தான் போகும். லேஸையும் இன்சோலையும் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் மேல்துணியைத் தட்டிவிடுங்கள். கை தாங்கும் வெதுவெதுப்பான நீர் ஒரு லிட்டருக்கு நிறமில்லாத சலவைத் திரவம் ஒரே ஒரு தேக்கரண்டி. தூளைவிடத் திரவம் மேல், முழுக்கக் கரையாத துகள் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளாது. அதிக நுரை வந்தால் அதிகச் சுத்தம் என்று கை தானாக இன்னொரு மூடி ஊற்றும். அந்த இன்னொரு மூடிதான் பின்னால் மஞ்சள் கோடாக வருகிறது.

ரப்பர் ஓரத்தை முதலில் முடியுங்கள். துணியை முதலில் துவைத்தால் ரப்பரிலிருந்து தெறிக்கும் கரிய நீர் அதன்மேல் விழும். பிறகு மென்மையான பல் தேய்க்கும் பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு, உள்ளங்கை அளவு பகுதியாக எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். நுரை காயும் முன்பே ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உட்புறத்தைப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மொத்த வேலையும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடித்ததும் டம்ளர் சோதனையும் டிஷ்யூவும் இங்கேயும் அதேதான்.

வாஷிங் மெஷின்ல போட்டா என்ன ஆகும்? பசை விட்டுடும்னு சொல்றாங்களே?

எந்தப் பசை என்பதைப் பொறுத்தது. ஷூவில் அடிப்பாகம் பிடித்திருக்கும் விதம் பெரும்பாலும் இரண்டு. பழைய பாணி கேன்வாஸ் ஷூவில் துணியின் அடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, முழு ஷூவையும் சூட்டில் வேகவைத்து ரப்பரை இறுக்குவார்கள். வல்கனைஸ் செய்வது என்பது இதுதான். சோல் தட்டையாக, கனமாக இருக்கும். பட்டையின் இரு முனைகள் சேரும் கோடு எங்காவது தெரியும், சிலவற்றில் குதிகால் முத்திரை அதை மறைத்திருக்கும். இந்தப் பிடிப்பு சூட்டைத் தாங்கக்கூடியது.

ஸ்னீக்கர்களில் பெரும்பாலானவை வேறு வகை. நகத்தால் அழுத்தினால் குழியும் நுரைசோல் (பெரும்பாலும் ஈ.வி.ஏ. நுரை) தனியாக வார்க்கப்பட்டு, பாலியூரித்தேன் போன்ற பசையால் மேல்பகுதியோடு ஒட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் பசையைத் தடவி உலர்த்திய பிறகு சுமார் 50 முதல் 70 டிகிரி சூட்டில் இளக்கி, அழுத்தி ஒட்டுவார்கள். எந்தச் சூட்டில் அது ஒட்டியதோ அந்தச் சூட்டுக்கு அருகில் மறுபடி போனால் அது மறுபடி இளகத் தொடங்கும். மெஷினின் 60 டிகிரி சலவையும் உலர்த்தும் டிரையரும் கெடுதல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அந்தச் சூட்டில் ஈ.வி.ஏ. நுரையும் சுருங்கும். பசை இளகியிருக்கும் நேரத்தில் சோல் சுருங்கினால் ஓரம் நழுவாமல் என்ன செய்யும்?

குளிர்ந்த நீர் என்றால் இந்த ஆபத்து குறைவு, ஆனால் முழுக்க இல்லாமல் போவதில்லை. ஒரு மணி நேரம் காரநீரில் மூழ்கி, டிரம்மில் விழுந்து விழுந்து, ஒவ்வொரு விழுதலிலும் முன்பாதம் மடங்குகிறது. நீரும் மடிப்பும் சேர்ந்து பசைக்கோட்டின் ஓரத்தைத்தான் முதலில் பிடிக்கும். பல ஷூக்களில் இன்சோலுக்கு அடியில் அழுத்திச் செய்த நார் அட்டை இருக்கிறது. அது நீரைக் குடித்து உப்பி, காயும்போது நெளிந்து சுருங்கும். குதிகாலில் விறைப்புக்காக வைத்திருக்கும் தகடும் அப்படியே. மெஷினிலிருந்து எடுத்த ஷூ வெளியே வெள்ளையாக இருந்தும், போட்டுப் பார்த்தால் பாதத்தின் கீழே மேடுபள்ளமாக இருப்பது இதனால்தான்.

நான் மூணு தடவை மெஷின்ல போட்டாச்சு, ஒண்ணும் ஆகலையே?

பசை ஒரே நாளில் விடாது. முன்பாதம் மடங்கும் இடத்தில், சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் பக்கமும், மயிரிழை அளவு ஓரம் திறக்கும். அந்தப் பிளவில் மணல் துகள் போய் உட்காரும், நடக்கும்போதெல்லாம் ஆப்பு மாதிரி வேலை செய்யும். துவைத்த உடனே, ஷூ ஈரமாக இருக்கும்போது, முனையை லேசாக மடித்து, மேல்பகுதியும் சோலும் சேரும் கோட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கோட்டிலிருந்து சிறு நீர்க்குமிழிகள் வந்தால் உள்ளே இடைவெளி உண்டாகிவிட்டது.

மெஷினில் போட்டே ஆகவேண்டிய நிலை, உற்பத்தியாளரின் குறிப்பும் அனுமதிக்கிறது என்றால்: லேஸ், இன்சோல் வெளியே, ஷூ வலைப்பைக்குள், மோதலைத் தாங்க இரண்டு பழைய வெள்ளை டவல்கள் துணையாக. குளிர்ந்த நீர், மென்சலவை, வழக்கமான அளவில் கால்பங்கு திரவம், கூடுதலாக ஒரு அலசல். பிழியும் சுற்றை நிறுத்திவிடுங்கள் அல்லது இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வையுங்கள். சாஃப்ட்னர் வேண்டாம், அது துணியில் படலமாகப் படிந்து அழுக்கை இழுக்கும். தோல், மெல்லிய மயிருள்ள ஸ்வேட் தோல் பகுதி ஏதாவது இருந்தால் மெஷின் பக்கமே போகக்கூடாது.

வெயில் வெள்ளைத் துணியை வெளுக்கத்தானே செய்யும்? ஷூவுக்கு மட்டும் என்ன?

படுக்கை விரிப்பு ஒற்றை அடுக்கு, முழுக்க அலசப்பட்டது, சீக்கிரமே இருபுறமும் காய்ந்துவிடும். ஷூ துணி, நுரை, பசை, அட்டை, ரப்பர் என்று ஐந்தாறு பொருள்கள் சேர்ந்த கட்டு. ஒவ்வொன்றுக்கும் வெயில் ஒவ்வொன்றைச் செய்கிறது.

புதிய துணியின் பளிச்சென்ற வெண்மையில் ஒரு பங்கு ஒளிர்பூச்சினால் வருவது. புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் வேதிப்பொருள் அது. அந்தக் கதிரே அதை நாளடைவில் சிதைத்தும்விடுகிறது, அப்போது அடியிலிருக்கும் பருத்தியின் மங்கல் வெளியே தெரிகிறது. தொடர்ந்து பலநாள் வெயிலில் கிடந்தால் பருத்தி நாரும் தையல் நூலும் வலுவிழக்கும். ரப்பர் ஓரம் மஞ்சளாகி, மெதுவாக விறைத்து, மடியும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள் காட்டும்.

பசைக்கு ஒளியைவிடச் சூடுதான் எதிரி. உச்சி வெயிலில் கருங்கல், சிமென்ட் தளம், தகரக்கூரை போன்ற இடங்கள் காற்றின் வெப்பத்தைவிட மிக அதிகமாகச் சூடேறும். வெறுங்காலை வைக்க முடியாத தளம் சோல் பசைக்கும் ஆகாது. மூடிய காரின் உட்புறமும் அப்படித்தான். துவைத்த ஷூவை வெயிலில் காயவைத்து எடுக்கும்போது முனை மேல்நோக்கிச் சற்று வளைந்திருந்தால், மேல்பகுதியும் சோலும் வெவ்வேறு அளவில் சுருங்கி இழுத்திருக்கின்றன என்று அர்த்தம்.

வெயில் கிடைக்கும் இடத்தின் நிழல் ஓரம் போதும். காற்று வேண்டும், நேர்வெயில் வேண்டாம். உள்ளே வெள்ளைத் துணி அல்லது அச்சில்லாத காகிதத்தைத் திணித்து, முதல் ஆறு மணி நேரத்துக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செய்தித்தாள் மை ஈரத்தில் இறங்கும், வெள்ளை ஷூவுக்கு அது வேண்டவே வேண்டாம். மின்விசிறிக் காற்று வாய்ப்பகுதிக்குள் போகிறமாதிரி சாய்த்து வைத்தால் பெரும்பாலும் ஒருநாளில் உலர்ந்துவிடும். வெளியே தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். முனையின் உட்புறம்தான் கடைசியாகக் காயும், விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்.

அவசரம்னா ஹேர் டிரையர் பிடிக்கலாமா?

குளிர்காற்றுப் பொத்தான் இருந்தால் தாராளமாக. சூடான காற்றை அருகில் பிடித்தால் ஓரிடம் மட்டும் சில விநாடிகளில் பசை இளகும் அளவுக்குச் சூடேறிவிடும்.

குளோரின் பிளீச் ஒரு சொட்டு விட்டா பளிச்னு வருமே?

சுத்தமான பருத்தியில் அன்றைக்கு வரும். ஆனால் ஷூவில் பருத்தி மட்டுமா இருக்கிறது? நைலான் நூல், ஸ்பான்டெக்ஸ் இழை, பாலியூரித்தேன் நுரை, பசை ஆகியவை குளோரின் பட்டால் மஞ்சளாகின்றன, வலுவும் இழக்கின்றன. தையல் ஓரமெல்லாம் மஞ்சளாக, நடுத்துணி மட்டும் வெள்ளையாக ஒரு ஷூவைப் பார்த்தால் பிளீச் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இன்னொன்று: குளோரின் பிளீச் பட்ட ஷூவில் வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ ஊற்றாதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும்.

ரப்பர் ஓரத்துல கறுப்புக் கீறல். டூத் பேஸ்ட் நல்லதா?

வேலை செய்யும், காரணம் அதிலுள்ள மென்மையான உரசுதுகள். ஆனால் அது துணியில் பட்டுத் தையலுக்குள் போனால் எடுப்பது சிரமம். நீல, பச்சை நிறப் பேஸ்ட் சாயமும் விடும். சமையல் சோடாவைக் கொஞ்சம் நீரில் குழைத்துத் தேய்ப்பது எளிது. வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் இன்னும் வேகம், அதை மிக நைசான உப்புத்தாளாக நினைத்துக்கொள்ளுங்கள். மட்டான ரப்பருக்குச் சரி, பளபளப்பான பூச்சுள்ள தோலில் தேய்த்தால் பளபளப்பு போய்விடும்.

வயதாகி முழுக்க மஞ்சளான ரப்பர் வேறு கதை. அது மேலே படிந்த அழுக்கில்லை, ரப்பரே ஆக்சிஜனோடு வினைபுரிந்து நிறம் மாறியது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி ஒளியில் வைத்தால் கொஞ்சம் வெளுக்கும், பிறகு மெதுவாகத் திரும்பும். ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் விறைக்கும், துணியின் மீது தவறிப் பட்டால் அங்கேயும் பாதிக்கும்.

முனையில சோல் வாய் பிளந்துடுச்சு. சூப்பர் க்ளூ போட்டேன், ரெண்டே நாள்ல திரும்ப விட்டுடுச்சு.

சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடிபோல் விறைக்கும். ஷூவின் முனை ஒவ்வொரு அடிக்கும் மடங்கும். விறைத்த பசை மடங்க மாட்டாது, உடையும். தேவை ஷூவுக்கான பாலியூரித்தேன் அல்லது நியோப்ரீன் ஒட்டுப்பசை, காய்ந்தும் வளைந்துகொடுப்பது.

பழைய பசையையும் சூப்பர் க்ளூவின் வெள்ளைத் துணுக்குகளையும் முதலில் சுரண்டி எடுங்கள், அவற்றின்மேல் புதிது பிடிக்காது. இருபுறத்தையும் உப்புத்தாளால் லேசாக உரசி, தூசியைத் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு. பூசியதும் ஒட்டிவிடாதீர்கள். குழாயில் எழுதியிருக்கும் நேரம், வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம், விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். பசையிலுள்ள கரைப்பான் வெளியேறுவதற்கான நேரம் அது. பிறகு ஒருமுறை சரியாகப் பொருத்தி, பலமாக அழுத்தி, ரப்பர் பட்டையாலோ கயிற்றாலோ இறுக்கிக் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். உள்ளே துணி திணித்திருந்தால் கட்டு முனையை நசுக்காது. சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

லேஸ், இன்சோல்?

லேஸுக்கு மட்டும் ஊறல் தாராளம். மேலே சொன்ன ஆக்சிஜன் பிளீச் நீரில் அரைமணி நேரம் போட்டுக் கசக்கி அலசினால் போதும். இன்சோலைச் சோப்பு நீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, டவலுக்கிடையில் வைத்து அழுத்தி, படுக்கவைத்து நிழலில் காயவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் நுரையும் மேல்துணியும் பிரிந்துவிடும். அது முழுக்க உலரும் முன் ஷூவுக்குள் போட்டால் வாடை திரும்ப வரும், அப்போது துவைத்ததே வீண்.